பாரிஸ் நண்பனுக்கு 9 யூரோ, எடுக்காத காலுக்கும் 9 யூரோ: ஜெர்மனி மொபைல் பில்லைப் படிப்பது எப்படி?

"அண்ணா, ஸ்டுட்கார்ட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தீபாவளிக்குக் கோவை போய்விட்டு வந்தேன். ஐரோப்பாவுக்குள் எல்லாம் இலவசம் என்றார்கள், ஆனால் இங்கிருந்து பாரிஸில் இருக்கும் நண்பனோடு பேசியதற்குக் காசு போட்டிருக்கிறார்கள். ஊரில் நான் எடுக்கவே எடுக்காத கால்களுக்கும் காசு. மாதக் கட்டணத்துக்கு மேல் 44.88 யூரோ. பில்லை அனுப்பியிருக்கிறேன், இதை எப்படிப் படிப்பது? டிசம்பரில் ஜூரிச் வேறு போக வேண்டும்."

தம்பி, பில்லைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் பார்க்கும்போது முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் உங்கள் சிம் எந்த நாட்டில் இருந்தது? எந்த நாட்டு எண்ணுக்குப் பேசினீர்கள் என்பது அடுத்த கேள்விதான். சிம் வெளிநாட்டில் இருந்தால் அது ரோமிங். சிம் ஜெர்மனியில் இருந்து, எண் மட்டும் வெளிநாட்டுடையது என்றால் அது சர்வதேச அழைப்பு. பில்லில் `Roaming` என்றும் `Auslandsgespräche` என்றும் தனித்தனித் தலைப்பில் வருவது இதனால்தான்.

2017 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் கூடுதல் கட்டணம் இல்லை என்று சொல்வது ரோமிங்குக்கு மட்டும். நீங்கள் பாரிஸுக்கே போய், அங்கிருந்து ஜெர்மனிக்கோ வியன்னாவுக்கோ பேசினால் உள்ளூர் அழைப்பு மாதிரிதான். ஆனால் ஸ்டுட்கார்ட் வீட்டில் உட்கார்ந்து பாரிஸ் எண்ணை அழைத்தால் அந்தச் சலுகை கிடையாது. அதற்கு 2019 மே மாதத்திலிருந்து ஓர் உச்சவரம்பு மட்டும் இருக்கிறது: நிமிடத்துக்கு 19 சென்ட், வரி தனி. ஜெர்மனியின் 19 சதவீத வரியையும் சேர்த்தால் சுமார் 22.6 சென்ட். நீங்கள் பேசியது 40 நிமிடம், 9.04 யூரோ. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்து நாட்டிலிருந்து பேசினால் இலவசம், பக்கத்து நாட்டுக்குப் பேசினால் காசு என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் விதி அப்படித்தான்.

மீதி 35.84 யூரோ கோவையில் நடந்தது. அதில் 7.16 யூரோ வரியில் புதிர் ஒன்றும் இல்லை. ஜெர்மனியிலிருந்து யாரோ உங்களை அழைத்திருக்கிறார்கள், எடுத்து 3 நிமிடம் 10 விநாடி பேசியிருக்கிறீர்கள். ஒன்றியத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் அது நிமிடம் 1.79. கட்டணப் பட்டியலில் `60/60` என்று சின்னதாகப் போட்டிருக்கிறது பாருங்கள், முழு நிமிடமாகவே கணக்கிடுவோம் என்று அர்த்தம். அதனால் 3 நிமிடம் 10 விநாடி 4 நிமிடமாகிவிட்டது.

நீங்கள் எடுக்காத கால்கள்தான் உண்மையான பொறி. அந்த வரிகளை நேர வரிசையில் பாருங்கள், ஜோடி ஜோடியாக வரும். ஒரே தேதி, ஒரே நேரம், ஒரே கால அளவு. ஒரு வரி உள்வரும் அழைப்பு, அடுத்த வரி இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்கு வெளிச்செல்லும் அழைப்பு. நீங்கள் டயல் செய்யாத ஜெர்மன் எண் அங்கே நிற்கிறதே, அது உங்கள் மெயில்பாக்ஸ், அதாவது நீங்கள் எடுக்காதபோது அழைத்தவரின் குரல் செய்தியைப் பதிவுசெய்து வைக்கும் வசதி.

நடந்தது இதுதான். உங்கள் ஃபோன் இந்திய நெட்வொர்க்கில் பதிவாகி இருந்ததால், அழைத்தவரின் கால் ஜெர்மனியிலிருந்து கோவைக்கு வந்து மணி அடித்தது. நீங்கள் எடுக்கவில்லை. உடனே இந்திய நெட்வொர்க் அதை மறுபடியும் ஜெர்மனியில் இருக்கும் மெயில்பாக்ஸுக்குத் திருப்பி அனுப்பியது. வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பிப் போனதற்கு இன்னொரு கட்டணம். அழைத்தவர் 70 விநாடி பேசி வைத்தாலும் இரண்டு பக்கமும் 2 நிமிடம். உள்ளே 3.58, வெளியே நிமிடம் 2.99 வீதம் 5.98, ஆக 9.56. இப்படி மூன்று ஜோடி, 28.68. அதோடு 7.16, 9.04 இரண்டையும் கூட்டுங்கள், உங்கள் 44.88 வந்துவிடும்.

ஃபோனை முழுதாக அணைத்து வைத்திருந்தால் இது நடந்திருக்காது. ஃபோன் தொடர்பில் இல்லை என்று ஜெர்மன் நெட்வொர்க்குக்கு முன்பே தெரிந்துவிட்டால், கால் இந்தியா பக்கமே வராமல் அங்கேயே மெயில்பாக்ஸுக்குப் போய்விடும். ஆனால் பேங்க் அனுப்பும் குறியீட்டு எஸ்எம்எஸ்ஸுக்காக ஜெர்மன் சிம்மை உயிரோடு வைத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆகவே கிளம்புவதற்கு முன்பு, ஜெர்மனியில் இருக்கும்போதே, எல்லாத் திருப்பிவிடல்களையும் நீக்கும் இந்தக் குறியீட்டை டயல் செய்துவிடுங்கள்:

```
##002#
```

அப்புறம் `*#61#` போட்டுப் பாருங்கள். எடுக்காத கால் எங்கே போகிறது என்று திரையில் வரும், எதுவும் இல்லை என்று காட்டினால் நிம்மதி. திரும்பி வந்ததும் கம்பெனி ஆப்பில் மெயில்பாக்ஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். (நான் போடுவதே இல்லை. அந்த மெயில்பாக்ஸை யார் கேட்கிறார்கள்?)

உங்கள் பில்லில் டேட்டா வரி இல்லை. டேட்டாவுக்கு ஊர் சிம்மைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நல்லது. இரண்டு சிம் ஃபோனில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது டேட்டாவைத் தானாக அந்தச் சிம்முக்கு மாற்ற அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அதை அணைத்து, ஜெர்மன் சிம்மின் டேட்டா ரோமிங்கையும் தனியாக அணைத்துவிடுங்கள்.

ஜூரிச்சுக்கு இது இன்னும் முக்கியம். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, கூடுதல் கட்டணம் இல்லை என்ற ரோமிங் விதியும் அங்கே செல்லாது. சில திட்டங்கள் அதையும் சேர்த்துக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. கட்டணப் பட்டியலில் சுவிட்சர்லாந்து எந்த நாட்டுத் தொகுதியில் இருக்கிறது என்று முன்பே பாருங்கள். போகும் வழியில் கான்ஸ்டன்ஸில் இறங்கினால், ஜெர்மன் மண்ணில் நிற்கும்போதே ஃபோன் சுவிஸ் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளலாம். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

டேட்டா ரோமிங்குக்கு மட்டும் ஒரு தடுப்பு உண்டு. மாதம் 50 யூரோ, வரியோடு 59.50 வந்ததும் நிறுத்திவிட வேண்டும், 80 சதவீதத்திலேயே எச்சரிக்க வேண்டும். இது ஒன்றியத்துக்கு வெளியேயும் பொருந்தும், ஆனால் அந்த நாட்டு நெட்வொர்க் பயன்பாட்டை உடனுக்குடன் தெரிவிக்கவில்லை என்றால் இல்லை. "தொடரலாம்" என்று நீங்களே பதில் அனுப்பினாலும் தடுப்பு போய்விடும். கால்களுக்கு இந்தத் தடுப்பே கிடையாது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் யோசிப்பீர்கள். பில் கைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 8 வாரம் ஆட்சேபிக்க உரிமை உண்டு. எழுத்தில் கொடுத்தால் அவர்கள் ஒவ்வொரு அழைப்பையும் விவரித்துக் காட்ட வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான Bundesnetzagentur-இன் சமரசப் பிரிவுக்குப் போகலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் எல்லாம் கட்டணப் பட்டியலில் உள்ளபடிதான் இருக்கிறது, சட்டம் பேசி ஜெயிப்பது கஷ்டம். முதல் தடவை, மெயில்பாக்ஸ் விஷயம் தெரியாது என்று பணிவாக எழுதி, `Kulanz`, அதாவது கடமை இல்லாவிட்டாலும் நல்லெண்ணத்தில் தரும் சலுகை, அந்த அடிப்படையில் 28.68-ஐ மட்டும் கேளுங்கள். பாதியாவது கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் கடிதத்தை இன்றே அனுப்ப வேண்டாம். வெளிநாட்டு நெட்வொர்க்கின் கணக்கு தாமதமாக வந்து சேருவது சகஜம், கோவையில் வந்த இன்னும் ஓரிரு கால்கள் அடுத்த பில்லில் தலைகாட்டலாம். அது வந்ததும் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், 8 வாரம் தாண்டாமல்.