டார்க் மோட்டில் மின்னஞ்சலின் எழுத்து ஏன் மறைகிறது?

"இரவில் டார்க் மோட் போட்டால் சில மின்னஞ்சல்களில் எழுத்தே தெரிவதில்லை. ஏன்?"

டார்க் மோட் என்பது திரையின் வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாகவும் கறுப்பு எழுத்தை வெள்ளையாகவும் மாற்றும் அமைப்பு. ஆனால் எழுத்துக்கு நிறமும் வடிவமும் கொடுக்கக்கூடிய எச்டிஎம்எல் மின்னஞ்சலில் அனுப்பியவரே எழுத்தின் நிறத்தைக் குறித்துவிட்டால், சில செயலிகள் அதைத் தொடாமல் பின்னணியை மட்டும் கறுப்பாக்கிவிடுகின்றன. வெண்கட்டியை எதிர்பார்க்கும் கரும்பலகையில் கரித்துண்டால் எழுதியது போலாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்வி நிலையம் அனுப்பிய நேர அட்டவணை எனக்கு அப்படித்தான் வந்தது. தலைப்புப் படம் மட்டும் தெரிந்தது, கீழே ஒரே இருட்டு. விரலை அழுத்தி அந்த இடத்தைத் தெரிவு செய்தபோது, நீலப் பட்டையின்மேல் வரிகள் வெளிப்பட்டன. வேர்டில் தட்டச்சுச் செய்து அப்படியே ஒட்டியதால், ஒவ்வொரு பந்தியிலும் இது ஒட்டிக்கொண்டிருந்தது:

```html
<p style="color:#000000">
```

எழுத்துக்கு #000000 என்ற கறுப்பு நிறம் உண்டு, பின்னணிக்கு எந்த நிறமும் இல்லை. கோளாறு அந்தப் பாதிக் குறிப்பில்தான். அனுப்புபவர் நிறத்தை முற்றாக நீக்கலாம், அல்லது இரண்டையும் சேர்த்தே குறிக்கலாம்:

```html
<p style="color:#000000; background-color:#ffffff">
```

சில செயலிகள் குறித்த நிறங்களையும் தாமாகவே மாற்றுவதால், ஒரே கடிதம் ஒரு கைத்தொலைபேசியில் தெரிந்து மற்றொன்றில் மறையலாம். வாசிப்பவருக்கு, டார்க் மோட்டைச் சற்று நிறுத்துவதே எளிய வழி.

கடிதம் வெறுமையாக வந்துவிட்டதென எண்ணிப் பலர் மீண்டும் அனுப்பக் கேட்கிறார்கள். எழுத்து முழுவதும் அங்கேயே இருப்பதால், மறுபடி வருவதும் அதே இருட்டாகத்தான் இருக்கும்.