மீட்டர் முள்ளும் சம இடைவெளிக் கோடுகளும்: வாசகர் கேள்விகள்

ஐயா, காந்தப்புலத்தில் இருக்கும் சுருளின் திருப்பு விசை NBIA sinθ என்று ஒரு பாடத்தில் வருகிறது. இயங்கு சுருள் கால்வனாமீட்டரில் மட்டும் வெறும் NBIA என்கிறார்கள். சுருள் திரும்பும்போது θ மாறத்தானே செய்யும்? sinθ எங்கே போனது? (பிளஸ் டூ மாணவி, திருச்சி)

எங்கும் போகவில்லை அம்மா. அதன் மதிப்பு கடைசி வரை 1 ஆகவே இருக்கிறது, அதனால் எழுதுவதில்லை.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வெவ்வேறு கோணங்களுக்கு ஒரே θ-வைப் போட்டுவிடுவதுதான். sinθ-வில் உள்ள கோணம், சுருளின் தளத்துக்குச் செங்குத்தான கோட்டுக்கும் காந்தப்புலத்துக்கும் இடையில் உள்ளது. முள் காட்டும் விலகல் வேறு கோணம். அதை α என்று எழுதிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீட்டருக்குள் காந்த முனைகள் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு தேனிரும்பு உருளை அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் இடையே உள்ள ஒடுக்கமான வளைந்த இடைவெளியில்தான் சுருளின் இரு பக்கக் கம்பிகளும் நகர்கின்றன. காந்தக் கோடுகள் இரும்பின் பரப்புக்கு ஏறக்குறையச் செங்குத்தாகவே நுழையும். பரப்பு உருளை வடிவில் இருப்பதால், அந்தக் கோடுகள் எல்லாம் மையத்தை நோக்கி ஆரங்களாக அமைந்துவிடுகின்றன. இதுதான் ஆர வகைக் காந்தப்புலம். சுருள் எந்த நிலைக்குத் திரும்பினாலும் அதன் தளம் அங்குள்ள கோட்டோடு ஒட்டியே இருக்கும். எனவே θ எப்போதும் 90°.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பல கைடுகளில் இது விட்டுப்போகிறது. திசை ஆரமாக இருந்தால் மட்டும் போதாது, B-யின் அளவும் முள் போகும் பாதை முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும். இடைவெளியின் அகலத்தை எங்கும் ஒன்றாக வைப்பது அதற்காகத்தான். இரண்டும் அமைந்தால் திருப்பு விசை NBIA. சுருள்வில் எதிர்ப்பது Cα. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்: α = (NBA/C) I. அடைப்புக்குள் இருப்பது எல்லாம் மாறிலி. மின்னோட்டம் இரட்டித்தால் விலகலும் இரட்டிக்கும்.

தட்டையான முனைகள் வைத்து, நடு இரும்பையும் எடுத்துவிட்டால் மீட்டர் வேலையே செய்யாதா? (இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

வேலை செய்யும். ஆனால் அளவுகோல் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டு போகும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 சுற்றுகள், பரப்பு 3 செ.மீ², B 0.2 டெஸ்லா, முழு அளவு 1 மில்லி ஆம்பியர் என்று வைப்போம். NBIA போட்டால் 6 × 10⁻⁶ நியூட்டன் மீட்டர். இந்தச் சின்ன விசையில் முள் 90° திரும்பும்படி சுருள்வில்லைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆர வகைப் புலத்தில் 0.25, 0.5, 0.75, 1 மி.ஆ. கோடுகள் 22.5°, 45°, 67.5°, 90°-யில் விழும்.

இப்போது அதே சுருள், அதே வில், அதே 0.2 டெஸ்லா. ஆனால் புலம் நேர் இணைகோடுகளாக இருக்கிறது, மின்னோட்டம் இல்லாதபோது சுருளின் தளம் அதற்கு இணையாக நிற்கிறது. சுருள் α திரும்பினதும் திருப்பு விசை NBIA cosα ஆகக் குறைந்துவிடும். அதை வில்லோடு சமன்படுத்தினால் அதே நான்கு கோடுகள் சுமார் 21°, 36°, 46.5°, 53.5°-யில் வரும். முதல் கால் பங்குக்கு 21° கிடைக்கிறது, கடைசிக் கால் பங்குக்கு 7° தான். மேல் பாதியில் பின்னம் பார்த்துப் படிக்கவே முடியாது. நிஜத்தில் இன்னும் மோசமாகும், ஏனென்றால் நடு இரும்பு இல்லாவிட்டால் அதே காந்தம் 0.2 டெஸ்லாவே தராது.

வகுப்பில் இந்த நான்கு கோடுகளையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். அப்புறம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

ஆர வகைப் புலத்துக்கும் எல்லை உண்டு. முனைகளின் வளைவு முடியும் இடத்தில் புலம் சட்டென்று குறைந்துவிடும். சாதாரண மீட்டர்களில் முள்ளின் ஓட்டம் 90° அளவிலேயே நின்றுவிடுவதற்கு அது முக்கியக் காரணம்.

என் பழைய முள் மல்டிமீட்டரில் டி.சி. வோல்ட் கோடுகள் சமமாக இருக்கின்றன. ஓம் அளவுகோல் மட்டும் இடது பக்கம் நெருக்கமாக இருக்கிறதே? (எலக்ட்ரீஷியன், மதுரை)

முள் ஒன்றுதான், அது காட்டுவதும் மின்னோட்டம் ஒன்றைத்தான். வோல்ட் அளக்கும்போது தொடரில் ஒரு நிலையான மின்தடை இருக்கிறது, அதனால் மின்னோட்டம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் போகிறது. ஓம் அளக்கும்போது பேட்டரி நிலையாக இருக்கிறது, மின்தடை மாறுகிறது. அங்கே உறவு தலைகீழ்.

1.5 வோல்ட் செல், முழு அளவு 1 மி.ஆ. என்றால் மீட்டருக்குள் மொத்தம் 1500 ஓம் இருக்கும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் முள் வலக்கோடிக்குப் போகும், அதுதான் 0 ஓம். வெளியே 1500 ஓம் வைத்தால் பாதியில் நிற்கும். கால் பங்குக்கு இறங்க 4500 ஓம் வேண்டும். மீதமுள்ள இடது கால் பங்குக்குள் 4500-லிருந்து முடிவிலி வரை எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். ஓம் படிக்கும்போது முள் நடுப்பகுதியில் நிற்கும் ரேஞ்சைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இதை நேரடியாக ஏ.சி.யில் கொடுத்தால்? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

50 ஹெர்ட்ஸில் முள் முன்னும் பின்னும் போக நேரமில்லாமல் பூஜ்யத்திலேயே லேசாக நடுங்கும். சராசரி திருப்பு விசை பூஜ்யம். முள் அசையவில்லை என்று நம்பி மின்னோட்டத்தைக் கூட்டாதீர்கள், சுருள் சூடாகிக் கருகிவிடும்.

லேபில் உள்ள ஒரு மில்லி அம்மீட்டர் தப்பாகக் காட்டுகிறது. திறக்காமல் காரணம் கண்டுபிடிக்க முடியுமா? (ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி)

ஓரளவு முடியும். அளவுகோல் சமமாக இருப்பதே இங்கே உங்களுக்கு உதவி. நம்பகமான ஒரு மீட்டரைத் தொடரில் சேர்த்து, 0.25, 0.5, 0.75, 1 என நான்கு இடங்களில் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு, உதாரணமாக 0.02 குறைந்தால், முள் பூஜ்யத்தில் உட்காரவில்லை. முகப்பில் உள்ள பூஜ்யத் திருகைச் சரிசெய்தால் போதும். 0.235, 0.47, 0.705, 0.94 என்று ஒரே விகிதத்தில் குறைந்தால் NBA/C என்ற மாறிலியே மாறியிருக்கிறது. பெரும்பாலும் காந்தம் வலுவிழந்திருக்கும். வில் தளர்ந்திருந்தால் எதிர்மாறாக அதிகம் காட்டும். அம்மீட்டர் என்பதால் இணையாக வைத்த ஷன்ட் இணைப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதன் கோளாறும் இதே மாதிரி விகிதமாகத்தான் தெரியும்.

மூன்று இடத்தில் சரியாக இருந்து ஓர் இடத்தில் மட்டும் முள் தயங்கினால், இடைவெளிக்குள் இரும்புத்தூள் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், முள் துள்ளி வேறு இடத்துக்குப் போகும். மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போதும் குறைத்துக்கொண்டே வரும்போதும் அதே புள்ளியில் இரண்டு வேறு அளவு காட்டும்.

தூளை எடுக்கத் திறந்தால், ஒட்டும் டேப்பின் ஓரத்தை இடைவெளிக்குள் விட்டு ஒற்றி எடுங்கள். நடு இரும்பை மட்டும் வெளியே உருவ வேண்டாம். பழைய அல்நிகோ காந்தங்கள், காந்தப்பாதையில் இரும்பு இல்லாமல் போனதுமே கொஞ்சம் வலு இழந்துவிடும், திருப்பிச் செருகினாலும் பழைய அளவு வராது.