குறிக்கோளை எழுதிய கையோடு கடைசிக் கேள்வியையும் எழுதுங்கள்

"ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. தொடர்ச்சுற்று பற்றிய என் பாடக்குறிப்பை இணைத்திருக்கிறேன். குறிக்கோள், செயல்பாடு, பொருள்கள், மதிப்பீடு எல்லாம் இருந்தும் 'ஒன்றோடொன்று ஒட்டவில்லை' என்று தலைமையாசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். 45 நிமிடப் பாடவேளை, 36 மாணவர்கள், ஆறு அம்மீட்டர். எப்படித் திருத்துவது?"

உங்கள் குறிக்கோள்: "மாணவர்கள் தொடர்ச்சுற்றைப் பற்றி அறிந்துகொள்வர்." செயல்பாடு: இரண்டு பல்புகளை எரிய வைப்பது. மதிப்பீடு: "தொடரிணைப்பை வரையறு." பல்பைத் தொடாத மாணவனும் வரையறையை மனப்பாடமாக எழுதிவிடுவான். செய்முறை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மதிப்பெண் ஒன்றுதான். ஒட்டவில்லை என்று அவர் சொன்னது இதைத்தான்.

இந்தப் பாடத்தில் பிடிவாதமான தவறான எண்ணம் ஒன்று உண்டு: பல்பு மின்னோட்டத்தைச் செலவழிக்கிறது, அதனால் முதல் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்பது. வகுப்பில் கேட்டுப் பாருங்கள், கை தூக்குபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 45 நிமிடத்துக்கு இந்த ஒன்று போதும். குறிக்கோளை இப்படி மாற்றுங்கள்: "தொடர்ச்சுற்றின் ஓரிடத்தில் மின்னோட்ட அளவு தெரிந்தால், மற்ற இடங்களின் அளவைச் சொல்லி, தாங்கள் எடுத்த அளவீட்டையே அதற்குக் காரணமாகக் காட்டுவர்."

அடுத்து செயல்பாட்டுக்குப் போகாதீர்கள், மதிப்பீட்டை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "ஒளி அதிகமாகத் தரும் ஒரு பல்பும் மங்கலாக எரியும் இன்னொரு பல்பும் தொடராக இணைந்துள்ளன. இரண்டுக்கும் நடுவில் உள்ள அம்மீட்டர் 180 மில்லிஆம்பியர் காட்டுகிறது. இரண்டாவது பல்புக்கு அப்பால் எவ்வளவு காட்டும்? உன் குழுவின் அளவீட்டை வைத்துக் காரணம் சொல்." வகுப்பில் ஒரே மாதிரியான பல்புகளைப் பயன்படுத்தியிருப்பார்கள், கேள்வியில் வேறுபட்டவை வருகின்றன. புரிந்தவனையும் பார்த்து எழுதியவனையும் பிரிப்பது இந்தச் சின்ன மாற்றம்தான்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல மாணவனுக்கு என்ன அனுபவம் வேண்டும் என்று பார்த்தால் செயல்பாடு தானாகத் தெரிந்துவிடும்: மூன்று இடங்களில் அளந்திருக்க வேண்டும். மின்கலத்துக்கும் முதல் பல்புக்கும் இடையே அ, பல்புகளுக்கு நடுவே ஆ, இரண்டாம் பல்புக்கு அப்பால் இ.

முதல் ஏழு நிமிடம் கணிப்பு. எந்த இடத்தில் அதிகம், எங்கே குறைவு, அல்லது எல்லாம் சமமா என்று ஒவ்வொருவரும் தன் நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் அளந்த பிறகு எல்லோரும் "எனக்கு முதலிலேயே தெரியும்" என்பார்கள். அப்புறம் இணைப்பு முறையைக் காட்ட 5 நிமிடம், அளவீட்டுக்கு 18, விவாதத்துக்கு 8, கடைசிக் கேள்விக்கு 7.

ஆறு அம்மீட்டர் என்றால் ஒரு குழுவுக்கு ஆறு பேர். இரண்டு பேர் வேலை செய்வார்கள், நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்தச் சோதனையில் அளக்க வேண்டிய இடங்கள் மூன்று, குழுவில் இணைகளும் மூன்று. ஓர் இணை கம்பி மாட்டட்டும், ஓர் இணை முள்ளைப் படிக்கட்டும், ஓர் இணை சுற்றை வரைந்து அளவைக் குறிக்கட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் வேலையை மாற்றினால், முடிவில் எல்லோரும் மூன்று வேலையையும் செய்திருப்பார்கள்.

பொருள்கள் பகுதியில் "மின்கலம், பல்பு, அம்மீட்டர்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அளவுகள் இல்லாததால்தான் பெரும்பாலும் பாடம் கெடுகிறது. ஒரு குழுவுக்கு 1.5 வோல்ட் மின்கலம் இரண்டு, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு இரண்டு, சாவி ஒன்று, கம்பிகள் ஐந்து, 0–500 மில்லிஆம்பியர் அம்மீட்டர் ஒன்று என்று எழுதுங்கள். இந்தச் சுற்றில் மின்னோட்டம் சுமார் 200 மில்லிஆம்பியரை ஒட்டி வரும், முள் நடுவில் நிற்கும். 3 ஆம்பியர் அம்மீட்டரில் முள் கொஞ்சம்தான் நகரும், சின்ன வித்தியாசம் எதுவும் தெரியாது. அதில் எல்லா இடத்திலும் "சமம்" என்றுதான் வரும். ஆனால் அது கருவி மந்தமாக இருப்பதால் வந்த சமம்.

தவறு நேரும் இடங்களையும் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். நான் முதன்முறை இந்தப் பாடம் எடுத்தபோது வேகமாக முடியட்டும் என்று ஒரே சுற்றில் மூன்று அம்மீட்டரை மாட்டிவிட்டேன். 220, 210, 200 என்று வரிசையாக இறங்கியது. "பார்த்தீர்களா சார், குறைகிறது!" என்று வகுப்பே குதித்தது. குறைந்தது மின்னோட்டம் இல்லை, அந்தக் கருவிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறிக் காட்டுகின்றன, அவ்வளவுதான். ஒரே அம்மீட்டரை இடம் மாற்றி அளந்தால் இந்தச் சிக்கல் வராது.

மின்கலம் பழையது என்றால் அளக்க அளக்க மின்னோட்டம் இறங்கும், அதுவும் "செலவாகிறது" என்பதற்குச் சாட்சி போலத் தெரியும். அதனால் அளக்கும் நேரத்தில் மட்டும் சாவியை மூடச் சொல்லுங்கள். அ, ஆ, இ முடித்ததும் மறுபடியும் அ-வை அளக்கச் சொல்லுங்கள். கடைசி அ முதல் அ-வைவிடக் குறைந்திருந்தால் இறங்கியது மின்கலம் என்று தெரிந்துவிடும்.

ஒரே வகைப் பல்புகளிலும் ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியக்கூடும். "முதல் பல்பு எடுத்துக்கொண்டது" என்று யாராவது சொன்னால் விளக்கம் தராதீர்கள். இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். மங்கல் அந்தப் பல்போடு சேர்ந்தே நகரும், இடத்தோடு நிற்காது.

அம்மீட்டரை மின்கலத்துக்கு நேராகக் குறுக்கே மாட்டிவிட்டால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து கருவி பழுதாகும். முதல் இணைப்பை நீங்கள் பார்த்த பிறகே சாவியை மூட வேண்டும் என்பதை விதியாக எழுதுங்கள்.

எத்தனை வித்தியாசம் வரை "சமம்" என்று கொள்வது? இதை அளக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நிற்கும் முள்ளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எழுதட்டும். ஒருவர் 210, இன்னொருவர் 220 என்றால், நம் கண்ணின் தடுமாற்றமே 10 மில்லிஆம்பியர். அதற்குள் வரும் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது.

விவாதத்தில் நிச்சயம் ஒரு கேள்வி வரும்: "மின்னோட்டம் செலவாகவில்லை என்றால் மின்கலம் ஏன் தீர்ந்து போகிறது?" நல்ல கேள்வி, விடையைக் குறிப்பில் தயாராக வைத்திருங்கள். மின்னூட்டம் சுற்றிச் சுற்றி வருகிறது, தீர்வது மின்கலத்தில் இருந்த வேதி ஆற்றல். பல்பு எடுத்து ஒளியாகவும் வெப்பமாகவும் விடுவது அந்த ஆற்றலைத்தான். இந்தப் பாடவேளைக்கு இவ்வளவு போதும், மின்னழுத்தம் வேறொரு நாளைக்கு.

கடைசிக் கேள்வியின் விடைத்தாள்களுக்கு மதிப்பெண் போட வேண்டாம். மூன்று கட்டாகப் பிரியுங்கள்: 180 என்று எழுதி அளவீட்டைக் காரணமாகச் சொன்னவர்கள், 180 என்று மட்டும் எழுதியவர்கள், குறைவாக எழுதியவர்கள். மூன்றாவது கட்டு பத்தைத் தாண்டினால் அடுத்த பாடவேளையில் பக்க இணைப்புக்குப் போகாமல், வேறுபட்ட இரண்டு பல்புகளை வைத்து அதே அளவீட்டை நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். இந்த "பத்து" என் கணக்கு. உங்கள் வகுப்புக்கு ஏற்ற எண்ணை முன்கூட்டியே குறிப்பில் எழுதி, அதன் பக்கத்தில் உண்மையில் வந்த எண்ணைக் குறிக்க ஒரு வெற்றுக் கட்டம் விட்டு வையுங்கள்.