மாட்ரிட்டில் கிரகப்பிரவேசம்: ஸ்பானிஷில் எப்படி அழைப்பது?

“அக்கா, மாட்ரிட்டில் சொந்தமாக ஃபிளாட் வாங்கிவிட்டோம். ஆவணியில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். ஆபீஸ் நண்பர்களையும் கட்டடத்தில் இருப்பவர்களையும் ஸ்பானிஷில் மனதார அழைக்க ஆசை. பேச ஓரளவு வருகிறது, அழைப்பாக எழுதத்தான் தெரியவில்லை. எப்படி எழுதுவது?”

ரொம்ப சந்தோஷம், தம்பி. எழுத உட்காரும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு யாரையும் அழைக்காதீர்கள். செப்டம்பர் தொடக்கத்தில் மாட்ரிட்டில் சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்த இருட்டில் எழுந்து வரச் சொன்னால் மரியாதைக்காகச் சரி என்பார்கள், வர மாட்டார்கள். பால் காய்ச்சுவதும் பூஜையும் வீட்டாரோடு, நம் ஊர்க்காரர்கள் ஓரிரண்டு பேரோடு முடியட்டும். மற்றவர்களை மதியம் ஒரு மணிக்கு அழையுங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இரண்டு, இரண்டரைக்குத்தான். வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, கோலத்தையும் விளக்கையும் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்காரச் சரியாக இருக்கும்.

அழைப்பை எப்போது அனுப்புவது என்பதையும் பாருங்கள். ஆகஸ்டில் மாட்ரிட்டில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். கடற்கரைக்கோ சொந்த ஊருக்கோ போயிருப்பார்கள். முகூர்த்தம் ஆகஸ்ட் கடைசியில் விழுந்தால் பூஜையை அன்றைக்கே செய்துவிட்டு, விருந்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவைப்பது நல்லது. செப்டம்பரிலேயே என்றால், ஜூலையில் விடுமுறைக்குக் கிளம்புமுன் ஆபீஸில் வாயால் தேதியைச் சொல்லிவிடுங்கள். எழுத்து அழைப்பு பத்து நாளுக்கு முன் போதும்.

இப்போது ஆபீஸ் நண்பர்களுக்கானது. கம்பெனி மெயில் வேண்டாம், வாட்ஸ்அப் போதும். மேலாளர் உட்பட எல்லோருக்கும் நட்பான ‘நீங்கள்’ ஆன ‘வொசோத்ரோஸ்’தான், மரியாதைக்கான ‘உஸ்தெதெஸ்’ போட்டால் ஸ்பெயின்காரர்களுக்கு விலகி நிற்பதுபோல் இருக்கும். முதல் வரியிலேயே மகிழ்ச்சியைச் சொல்லுங்கள்: ‘போர் ஃபின் தெனேமோஸ் காசா, இ நோஸ் ஆதெ முச்சா இலுசியோன் தெலெப்ரார்லோ கொன் வொசோத்ரோஸ்.’ ஒருவழியாக வீடு அமைந்துவிட்டது, உங்களோடு கொண்டாட அவ்வளவு ஆசை என்று பொருள். ‘நோஸ் ஆதெ முச்சா இலுசியோன்’ என்பதை இங்கே பிள்ளைகள் முதல் பாட்டிகள் வரை மனசாரச் சொல்வார்கள். அதைவிட அலங்காரமாக எதுவும் தேவையில்லை.

நம் பத்திரிகைகளில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று போடுவோமே, அதை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். யார் யார் வரலாம் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ‘கொன் வுவெஸ்த்ராஸ் பரேஹாஸ் இ நீன்யோஸ்’ என்று எழுதினால் துணையும் பிள்ளைகளும் சேர்த்தி என்று புரிந்துவிடும். இது இல்லையென்றால் சிலர் தனியாக வருவார்கள், சிலர் கேட்கத் தயங்கி வராமலே இருந்துவிடுவார்கள்.

அடுத்து, என்ன விழா இது என்று ஒரே வாக்கியம். ஹோமம், வாஸ்து எல்லாவற்றையும் விளக்கப் போனால் செய்தி நீண்டுவிடும். பாலை மட்டும் சொல்லுங்கள்: அன்று காலை பால் பொங்கி வழியும்வரை காய்ச்சுவோம், ‘பாரா கெ என் லா காசா நுங்கா ஃபால்தெ தெ நாதா’, இந்த வீட்டில் எதற்கும் குறை வரக்கூடாது என்பதற்காக. எங்கள் வீட்டு விருந்தில் இரண்டாம் மாடிப் பெண்மணி வந்ததும் வராததுமாகக் கேட்டது அந்தப் பானையைத்தான். விளிம்பில் காய்ந்திருந்த பால் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு அடுத்து வந்தவர்களுக்கு அவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். (உங்கள் அடுப்பு இண்டக்ஷன் என்றால் பித்தளைப் பானை அதில் சூடாகாது. பால் வழிந்து தொடு பட்டன்களில் பட்டால் பல அடுப்புகள் தானே அணைந்துவிடும். சின்ன கேஸ் அடுப்பு ஒன்றை இரவல் வாங்கி வையுங்கள்.)

சாப்பாட்டு வரிதான் அதிகம் கவனிக்க வேண்டியது. வெறுமனே ‘வெஹெத்தாரியானோ’ என்று எழுதினால் போதாது. இங்கே உணவகத்தில் கலவை சாலட் கேட்டால் மேலே சூரை மீன் போட்டுத் தருவது சகஜம். அதனால் ‘சின் கார்னெ, பெஸ்காதோ நி ஊவோ’, இறைச்சி, மீன், முட்டை இல்லாதது என்று பிரித்தே எழுதுங்கள். கையோடு ‘அப்ரா ப்ளாத்தோஸ் கெ நோ பீக்கான்’, காரமில்லாத பதார்த்தங்களும் உண்டு என்று சேருங்கள். மிளகாய்க்குப் பயந்து தயங்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர். தயிர்சாதம், வடை, கேசரி இருந்தால் வாக்கு காப்பாற்றப்பட்டுவிடும்.

‘நோ ஆதெ ஃபால்தா த்ரயேர் நாதா’, எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று எழுதினாலும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பெரும்பாலும் ஒயின் பாட்டில்தான் வரும், இல்லையென்றால் பேக்கரி இனிப்பு. ‘என்சைமாதா’ போன்றவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், பெரும்பாலான கேக்குகளில் முட்டை இருக்கும். அதனால் நீங்களே வழி காட்டிவிடுங்கள்: பூஜை நாள் என்பதால் வீட்டில் மது வைப்பதில்லை, ஏதாவது கொண்டுவரத் தோன்றினால் ‘ஊனா ப்ளாந்தா’, ஒரு செடி, எங்களுக்கு மிகவும் பிடிக்கும். இப்படி எழுதினால் அவர்களுக்கும் நிம்மதி. செருப்பு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இங்கே விருந்தினர்கள் ஷூவோடு உள்ளே வருவதுதான் வழக்கம், வாசலில் வந்து நின்றபிறகு கழற்றச் சொன்னால் கிழிந்த சாக்ஸ் போட்டவர் பாவம் தவித்துப்போவார்.

முடியும் நேரம் மட்டும் போடாதீர்கள். சாப்பிட்டபின் மேசையை விட்டு எழாமல் காபியோடு பேசிக்கொண்டே இருப்பதற்கு ‘சோப்ரெமேசா’ என்று பெயர், விருந்தின் பாதி அதுதான். ‘ஒரு மணி முதல்’ என்று எழுதி மாலையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே ‘உன் அப்ராதோ’, ஓர் அணைப்பு என்று முடித்தால் போதும்.

அக்கம்பக்கத்தாருக்கு வேறு மாதிரி. வயதானவர்கள் இருப்பார்கள், அதனால் ‘எஸ்திமாதோஸ் பெதீனோஸ்’, மதிப்புக்குரிய அண்டைவீட்டாரே என்று தொடங்கி ‘லெஸ் இன்வித்தாமோஸ்’, உங்களை அழைக்கிறோம் என்று ‘உஸ்தெத்’ மரியாதையிலேயே எழுதுங்கள். நீங்கள் புதியவர், பெயர் யாருக்கும் தெரியாது. ‘மூன்றாம் மாடி பி வீட்டுப் புதிய குடும்பம்’ என்று கையெழுத்திடுங்கள். சின்ன அட்டையாக அச்சிட்டு ஒவ்வொரு தபால் பெட்டியிலும் போடலாம். ஆனால் உங்கள் மாடிக்காரர்களையும் நேர் மேலே, நேர் கீழே இருப்பவர்களையும் கதவைத் தட்டி நேரில் கொடுத்து அழையுங்கள்.

அதே அட்டையில் காலை நிகழ்ச்சியையும் சொல்லிவிடுங்கள். இரவு அமைதி நேரம் பொதுவாகக் காலை 7 அல்லது 8 வரை, நகராட்சிக்கு நகராட்சி மாறும். ஆறு மணிக்கு மணியோசை கேட்டால் எரிச்சல் வரும், மாடிப்படியில் ஹோமப் புகை வந்தால் யாராவது அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்துவிடுவார்கள். ஆகவே காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை சிறிய பூஜை, சாம்பிராணி வாசனையும் கொஞ்சம் புகையும் வரலாம், பயப்பட வேண்டாம், இது என் தொலைபேசி எண் என்று எழுதுங்கள். மணியை அந்த அமைதி நேரம் முடிந்தபின் அடித்துக்கொள்ளலாம், ஹோமகுண்டம் சின்னதாக ஜன்னலோரம் இருக்கட்டும். கட்டடச் சங்கத்தின் தலைவரான ‘ப்ரெசிதெந்தெ’யிடம் முன்னமே சொன்னால், லிஃப்டில் ஒரு தாள் ஒட்ட அவரே அனுமதி தருவார்.

ஆபீஸ்காரர்களுக்கு வியாழனன்று மறுபடி ஒரு செய்தி போட்டு, எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பலர் அப்போதுதான் உறுதியாகச் சொல்வார்கள், அதை வைத்து அரிசியை அளக்கலாம். அழைப்பை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், ஒருமுறை படித்துப் பார்த்துத் தருகிறேன்.