வட்டி விசை மாறிக்கொண்டே இருக்கும்போது நிதியைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: ஆக்சுவரியல் தேர்வுக்குப் படிக்கிறேன். வட்டி விசை δ(t) நேரத்தோடு மாறினால் ஏன் அதைத் தொகையிட்டு e-யின் அடுக்கில் போடுகிறோம்? நடுவில் போடும் பணத்துக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே இருக்கும் பணத்துக்கும் அதே சூத்திரம்தானா?

பதில்:

ஒரே சூத்திரம்தான். தொகையீட்டின் எல்லைகளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

t என்ற கணத்தில் நிதி F என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த மிகச் சிறிய h நேரத்தில் சேரும் வட்டி ஏறக்குறைய F × δ(t) × h. அதாவது நிதி 1 + δ(t)h மடங்காகிறது. அடுத்த துண்டில் விசை கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் அங்கேயும் இப்படி ஒரு பெருக்கல்தான். பத்து வருடத்தை இப்படித் துண்டு போட்டால் பெரிய பெருக்கல் வரிசை கிடைக்கும். மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிறது. h மிகச் சிறியது என்பதால் ln(1 + δh) என்பது δh-தான். எல்லாத் துண்டுகளையும் கூட்டி h-ஐச் சுழிக்குக் கொண்டுபோனால் அந்தக் கூட்டல் தொகையீடாகிவிடும். மடக்கையிலிருந்து திரும்பி வரும்போது e வந்து உட்கார்ந்துகொள்கிறது:

```
A(s, n) = exp( ∫ δ(t) dt ),  t = s முதல் n வரை
```

s-இல் போட்ட ஒரு ரூபாய் n-இல் எவ்வளவு என்பதே A(s, n).

இப்போது ஒரு கணக்கு. முதல் 6 வருடம் δ(t) = 0.04 + 0.005t, அதன் பிறகு 0.07 என்று வைப்போம். தொடக்கத்தில் 4 சதவீத விசை, மெல்ல ஏறி 6-ஆம் வருட முடிவில் 7 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. t = 0-இல் ஒரு லட்சம் போட்டால் 10-ஆம் வருட முடிவில் எவ்வளவு?

0 முதல் 6 வரை தொகையிட்டால் 0.24 + 0.09 = 0.33. 6 முதல் 10 வரை 4 × 0.07 = 0.28. மொத்தம் 0.61. e^0.61 = 1.84043, ஆக நிதி ரூ.1,84,043. சராசரி விசை வருடத்துக்கு 0.061 என்பதால் இது வருடம் 6.29 சதவீதக் கூட்டு வட்டிக்குச் சமம். விடை சரியா என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது: பத்து வருடமும் விசை 0.04-க்குக் கீழே போகவில்லை, 0.07-ஐத் தாண்டவில்லை. எனவே விடை e^0.4 = 1.49-க்கும் e^0.7 = 2.01-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். வெளியே போனால் எங்கோ தசமப் புள்ளி நகர்ந்திருக்கிறது.

சரி, அதே லட்சத்தை t = 3-இல் போட்டால்? மதிப்பெண் போவது இங்கேதான். பணம் 7 வருடம் இருக்கிறது என்று நினைத்து, 0 முதல் 7 வரை தொகையிடுவார்கள். 0.33 + 0.07 = 0.40, ரூ.1,49,182 என்று வரும். மாறாத வட்டியில் இந்தப் பழக்கம் சரி, அங்கே எந்த 7 வருடமும் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. நம் பணம் குறைந்த விசை இருந்த முதல் 3 வருடத்தைப் பார்க்கவே இல்லை; அதற்குப் பதில் 7 முதல் 10 வரை 0.07-இல் இருக்கிறது. 3 முதல் 6 வரை 0.12 + 0.0675 = 0.1875, அதோடு 0.28, மொத்தம் 0.4675. சரியான விடை ரூ.1,59,600. பத்தாயிரத்துக்கும் மேல் வித்தியாசம். சரிபார்க்க A(0,3) × A(3,10) பெருக்கினால் A(0,10) வர வேண்டும். அடுக்குகளைக் கூட்டினாலே போதும்: 0.1425 + 0.4675 = 0.61.

அப்புறம் தொடர்ச்சியாகப் போடும் பணம். வருடத்துக்கு ரூ.12,000 என்ற வேகத்தில் பத்து வருடமும் நிதிக்குள் பணம் வழிந்துகொண்டிருக்கிறது என்போம். t-க்கு அருகே dt நேரத்தில் உள்ளே வருவது 12000 dt. அது t-இல் போட்ட தனிப் பணம்தான், ஆகவே A(t,10) மடங்காக வளரும். இப்படி எல்லாவற்றையும் கூட்ட இன்னொரு தொகையீடு:

```
F(10) = ∫ 12000 · A(t, 10) dt,  t = 0 முதல் 10 வரை
```

தொகையீட்டுக்குள் தொகையீடு என்று மிரள வேண்டாம். விசை மாறும் 6-இல் இரண்டாக வெட்டிவிடுங்கள்.

கடைசி 4 வருடம் எளிது: 12000 × (e^0.28 − 1) / 0.07 = ரூ.55,394.

முதல் 6 வருடப் பணத்தை முதலில் t = 6 வரை கொண்டுவருவோம். அடுக்கு 0.33 − 0.04t − 0.0025t². இதில் t² இருப்பதால் கையால் தொகையிட்டு முடிக்க சூத்திரம் கிடையாது, எவ்வளவு முயன்றாலும் வராது. சிம்ப்சன் விதி போடலாம். 0, 3, 6 என்ற மூன்று இடங்களில் A(t,6)-இன் மதிப்பு 1.390968, 1.206230, 1. நடு மதிப்பை நான்கால் பெருக்கிக் கூட்டி, இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கால், அதாவது 3/3 = 1-ஆல் பெருக்கினால் 7.2159. துண்டுகளை இரண்டு மடங்காக்கிப் பார்த்தாலும் நான்கு தசமம் வரை அதேதான் வருகிறது, எனவே நம்பலாம். 12,000-ஆல் பெருக்கினால் t = 6-இல் ரூ.86,591. அதை e^0.28-ஆல் பெருக்கி t = 10-க்குக் கொண்டுபோனால் ரூ.1,14,571. இரண்டும் சேர்த்து ரூ.1,69,965. நாம் போட்டது 1,20,000. கடைசி e^0.28-ஐ மறந்துவிடுவது இன்னொரு வழக்கமான ஓட்டை. 6-இல் உள்ள தொகையையும் 10-இல் உள்ள தொகையையும் அப்படியே கூட்டிவிடுவார்கள்.

தேர்வில் சிம்ப்சன் விதி பெரும்பாலும் தேவைப்படாது. பணம் போடும் வேகத்தை 500·e^(0.0025t²) என்பதுபோல விநோதமாகக் கொடுத்திருந்தால், அடுக்கில் உள்ள t²-ஐ வெட்டுவதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்ட பிறகு 0.33 − 0.04t மட்டும் நிற்கும், அதைத் தொகையிடுவது சுலபம். வெட்டுப்படவில்லை என்றால் எல்லையை இன்னொரு முறை பாருங்கள்.

நிஜத்தில் விசை இப்படி வழுவழுப்பாக ஏறுவதில்லை, படிப்படியாகத் தாவும். பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி 2020 ஏப்ரல் 1 அன்று 7.9 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 7.1 ஆனது. அப்போது தொகையீடு வெறும் கூட்டல்தான், ஒவ்வொரு படியின் விசையையும் அது நீடித்த காலத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். ஆனால் 0.079-ஐ அப்படியே விசையாகப் போடாதீர்கள். அது வருடாந்திர வட்டி. விசை என்பது ln(1.079) = 0.0760, பிறகு ln(1.071) = 0.0686. வங்கி வைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டப்படும் 7 சதவீதம் என்றால் 4 × ln(1.0175) = 0.0694. இந்த மாற்றத்தைச் செய்த பிறகே தொகையீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.