தக்காளிக் கருகலும் நகரத்து அட்டவணையும்

கேள்வி: ஐயா, பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கரில் கொடி கட்டித் தக்காளி வைத்திருக்கிறேன். நவம்பர் மாதச் சராசரி ஈரப்பதம் 55 விழுக்காடுதான் என்று நகரத்தின் காலநிலை அட்டவணை சொல்கிறது. ஆனாலும் இலைக்கருகல் பரவுகிறது. மருந்துக்கடையில் வாரம் தவறாமல் அடிக்கச் சொல்கிறார்கள். அட்டவணையை நம்பலாமா?

பதில்: அட்டவணையில் பிழையில்லை, ஆனால் அது எந்த வேளையின் அளவு என்பதைத் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ தேடிப் பாருங்கள். இந்திய வானிலைத் துறை காலை 8.30, மாலை 5.30 ஆகிய இரு வேளைகளுக்கும் ஈரப்பதச் சராசரியைத் தனித்தனியே தருகிறது. பல நகர அட்டவணைகளில் மாலை அளவு மட்டுமே இடம்பெறுகிறது. மாலையில் 30 பாகை வெப்பத்தில் 55 விழுக்காடு காட்டும் காற்று, அதிலுள்ள நீராவி கூடாமலும் குறையாமலும் 21 பாகைக்குக் குளிர்ந்தால் 94 விழுக்காட்டை எட்டிவிடும். 20 பாகையில் பனியாகவே இலையில் படியும். கருகல் நோய் பரவுவது அந்த இரவில்தான்.

வெயில் நேரம் சில அட்டவணைகளில் மாத மொத்தமாகவும் சிலவற்றில் நாள் சராசரியாகவும் இருக்கும். 180 என்று கண்டால் 30 ஆல் வகுத்து 6 மணி என்று கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆறு மணியும் காலைப் பனியை உலர்த்தியதா, நண்பகலுக்குப் பின் அடித்ததா என்பது அதிலிருந்து தெரியாது. காற்றின் வேகம் பொதுவாகத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. இரண்டு மீட்டர் உயரத்தில் அதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் இருக்கும், நெருக்கமான கொடி வரிசைக்குள் அதுவும் இராது. மேலும், பகலில் வீசும் காற்றும் இரவின் அசைவின்மையும் ஒரே சராசரிக்குள் கலந்துவிடுகின்றன.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, உங்கள் தோட்டத்தில் இலை எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதே. இதற்காக ஒவ்வொரு தக்காளி விவசாயியிடமும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி, அதாவது ஒரு குமிழில் ஈரத்துணி சுற்றி மற்றதை வெறுமனே விட்ட இரட்டை வெப்பமானி, இருக்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன்; கேட்பவர்தான் குறைவு. அதை வரிசைகளுக்கு நடுவே, செடியின் உயரத்தில், வெயிலும் மழையும் படாமல் தொங்கவிட்டு, இரவு 10 மணிக்கும் விடியற்காலை 6 மணிக்கும் பாருங்கள். இரண்டு குமிழ்களுக்கும் இடையே ஒரு பாகைக்கும் குறைவான வேறுபாடே இருந்தால் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். தொடர்ந்து இரண்டு இரவுகள் அப்படிக் காட்டினால் மாங்கோசெப் போன்ற காப்பு மருந்தை அடிக்கலாம். அது இலைமேல் தங்கித் தடுக்குமேயன்றி, விழுந்த புள்ளியை ஆற்றாது. வாரக் கணக்கில் அடிக்கச் சொல்பவர் உங்கள் இலையைப் பார்க்கவில்லை, தம் சரக்கைப் பார்க்கிறார். வறண்ட வாரத்தில் அது வீண் செலவு. பனி பெய்யும் வாரத்திலோ ஏழாம் நாள் வரை காத்திருப்பது தாமதம்.

ஈரக்குமிழின் துணியை மழைநீரில் நனைத்து வையுங்கள். போர்வெல் நீரின் உப்பு படிந்தாலோ துணி காய்ந்தாலோ இரு குமிழ்களும் நெருங்கிக் காட்டி, இல்லாத ஈரத்தை இருப்பதாகச் சொல்லிவிடும்.