கேஷ் புக்கும் பேங்க் ஸ்டேட்மென்டும் இடித்தால்: கேள்வி பதில்

அண்ணே, எங்களுடையது ஹார்டுவேர் கடை. அக்டோபர் 31 அன்று கேஷ் புக்கில் பேங்க் இருப்பு 62,400, ஸ்டேட்மென்டில் 65,828. பேங்கில் 3,428 கூடத்தானே இருக்கிறது, அப்படியே வரவு வைத்து முடித்துவிடவா?

வைக்காதீங்க தம்பி. நீங்கள் அனுப்பிய இரண்டையும் வரிக்கு வரி டிக் அடித்துப் பார்த்தேன், இந்தக் கூடுதலுக்கு அடியில் உங்கள் பணம் 5,472 போயிருக்கிறது.

இரண்டிலும் இருக்கிற வரிகளை அடித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். பெயின்ட் டீலருக்கு 29ஆம் தேதி கொடுத்த 14,500 செக்கை அவர் இன்னும் பேங்கில் போடவில்லை. 31ஆம் தேதி ஸ்வைப் மெஷினில் அடித்த 8,600 அடுத்த நாள்தான் கணக்கில் ஏறுகிறது. இவை இரண்டும் நாள் வித்தியாசம் மட்டுமே, தானாகச் சரியாகிவிடும். ஆகவே ஸ்டேட்மென்டின் 65,828இல் 8,600ஐக் கூட்டி 14,500ஐக் கழியுங்கள், 59,928 வரும். உங்கள் உண்மையான இருப்பு அதுதான்.

இப்போது புக் பக்கம் வாருங்கள். மெஷின் வாடகை ஜிஎஸ்டியோடு 354 எடுத்திருக்கிறார்கள், நீங்கள் எழுதவில்லை. மேஸ்திரி ஒருவர் கொடுத்த 5,000 செக் திரும்பிவிட்டது, அதற்கு ரிட்டர்ன் சார்ஜ் வேறு 118. இன்னொரு வாடிக்கையாளர் பழைய பாக்கி 3,000ஐச் சொல்லாமல் நேராகக் கணக்கில் போட்டிருக்கிறார். 62,400 உடன் 3,000 கூட்டி, மற்ற மூன்றையும் கழித்தால் அதே 59,928. புக்கில் எழுத வேண்டியவை இந்த நான்கு மட்டும்தான். அப்புறம் அந்த மேஸ்திரி பெயரில் 5,000 பாக்கியைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். 3,428ஐ வரவு வைத்திருந்தால் அவரிடம் கேட்கவே மறந்திருப்பீர்கள்.

நான் பத்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். பாஸாகாத செக்கை மாதக் கடைசியில் புக்கில் திரும்ப வரவு வைத்துவிட்டு, பாஸானதும் பற்று எழுதுவேன். இருப்பு சரியாகத்தான் வருகிறது, இதில் என்ன தப்பு?

இருப்பு சரியாக வரும் சார், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி வரவு வைத்தால் டீலர் கணக்கில் நீங்கள் இன்னும் 14,500 தர வேண்டியதாக ஆகிவிடும், செக்கோ அவர் கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு யாராவது இன்னொரு செக் எழுதிவிடலாம், நான் ஒரு கடையில் நேராகப் பார்த்தது இது. புக்கைத் தொடாமல் தனித் தாளில் குறித்து, அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அது பாஸாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முறை பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் பேங்க் வாங்காது, அப்போது திரும்ப வரவு எழுதத்தான் வேண்டும்.

எங்கள் கடையில் தினமும் கல்லாவை எண்ணினால் இருநூறு முந்நூறு குறைகிறது. ஸ்டேட்மென்ட் பார்த்தால் தெரிந்துவிடுமா?

நீங்கள் கேட்பது வேறு விஷயம் அக்கா. கல்லாவில் இருக்கிற ரொக்கம் பேங்குக்குத் தெரியாது. ஒரே ஒரு வகையில் மட்டும் துப்பு கிடைக்கலாம். ஜிபேயில் வந்த விற்பனையை அவசரத்தில் ரொக்கமாக எழுதியிருந்தால், கல்லா எந்த அளவு குறைகிறதோ அதே தொகை அதே தேதியில் பேங்கில் கூடுதலாக நிற்கும். ஒரு வாரத்தை எடுத்து நாள்வாரியாக ஒப்பிடுங்கள். அப்படி எதுவும் நிற்காவிட்டால் காரணம் கடைக்குள்தான் இருக்கிறது.

டெபிட் கார்டில் 10,000 அடித்தால் 9,952.80தான் வருகிறது. வந்ததை மட்டும் விற்பனையாக எழுதலாமா?

கூடாது. பில் 10,000க்குப் போட்டிருக்கிறீர்கள், விற்பனையும் அதுதான். வித்தியாசம் 47.20இல் பேங்கின் கமிஷன் 40, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7.20. இதைச் செலவில் எழுதுங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண் பேங்கில் பதிவாகியிருந்தால் அந்த 7.20ஐ வரியில் கழித்துக்கொள்ளலாம், காம்போசிஷனில் இருந்தால் முடியாது. ஒரு பில்லுக்குச் சில்லறையாகத் தெரிந்தாலும், வந்ததை மட்டும் எழுதிக்கொண்டே போனால் வருஷக் கடைசியில் ரிட்டர்னில் காட்டும் விற்பனையும் பில்களின் கூட்டலும் ஒட்டாது.

எல்லாம் டிக் அடித்துவிட்டேன், 360 ரூபாய் மட்டும் இடிக்கிறது.

360 ஒன்பதால் வகுபடுகிறது, அதனால் எண்ணை மாற்றி எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். 4,950ஐ 4,590 என்று எழுதினால் சரியாக இவ்வளவுதான் வரும். இல்லையென்றால் பாதியைத் தேடுங்கள், 180ஐ வரவுக்குப் பதில் பற்றில் போட்டாலும் இதே தொகை இடிக்கும்.

இரண்டையும் பார்த்துவிட்டேன், இல்லை.

அப்படியானால் இந்த மாதத்தை விட்டுவிட்டு செப்டம்பர் 30 இருப்பு ஒத்துப்போகிறதா பாருங்கள். அங்கேயே 360 இடித்தால் ஆகஸ்டுக்குப் போங்கள். எந்த மாதத்தில் முதலில் வந்தது என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.